கோலாலம்பூரில் கார், பினாங்கில் நீங்கள்: பழைய கார் வாங்கிப் பெயர் மாற்றும் வரை

வேலை மாற்றலில் பினாங்குக்கு வரும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது வீட்டைப் பற்றி. அடுத்துக் கேட்பது காரைப் பற்றி. இணையத்தில் தேடினால், தமக்குப் பிடித்த கார் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிலாங்கூரிலோ நிற்கிறது. அங்கே கார்கள் அதிகம், விலையில் பேரம் பேச இடமும் அதிகம். ஆனால் 350 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் காரைத் தெரியாத ஒருவரிடம் வாங்குவதில் சில ஆபத்துகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேலைகளின் வரிசையைச் சரியாக வைத்தால் விலகிவிடும். இங்கே சொல்லப்போவது அந்த வரிசையைத்தான், அதிலும் ஒரே ஒரு வகைக்கு: தனி ஆள் ஒருவரிடமிருந்து, இன்னும் கொஞ்சம் வங்கிக் கடன் மீதமிருக்கும் காரை, நீங்கள் ரொக்கத்துக்கு வாங்கும் வகை. நடைமுறையில் அதிகம் எதிர்ப்படுவதும், பணம் சிக்கிக்கொள்வதும் இங்கேதான்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். தீபகற்ப மலேசியாவில் காரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எண் பலகையும் மாறாது. W, V எனத் தொடங்கும் கோலாலம்பூர் எண்ணோடும் B எனத் தொடங்கும் சிலாங்கூர் எண்ணோடும் பட்டர்வொர்த்தில் ஆயுள் முழுவதும் ஓட்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மாறுவது ஒன்றே: சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவில் இருக்கும் உரிமையாளர் பெயர். மற்றக் காகித வேலைகள் யாவும் அந்த ஒரு பெயர் மாற்றத்துக்கான தயாரிப்புகள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வடக்கே இருக்கும் நமக்கு அது முக்கியம். KV என்று தொடங்கும் எண் லங்காவியில் பதிவான கார். லங்காவி தீர்வையற்ற தீவு என்பதால் அங்கே பதிவான கார் மலிவாகக் கிடைக்கும். அதைப் பெருநிலத்தில் நிரந்தரமாக வைத்து ஓட்ட வேண்டுமானால் சுங்கத் தீர்வை கட்டியாக வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று கை வைத்துவிடாதீர்கள்.

பார்க்கப் போவதற்கு முன்

ரயிலில் ஏறுவதற்கு முன் விற்பவரிடம் மூன்று படங்களைக் கேளுங்கள்: காரின் உரிமைச் சான்றிதழ், அதாவது நாம் கிராண்ட் என்று சொல்வது, அவருடைய அடையாள அட்டை, வங்கி அண்மையில் அனுப்பிய கடன் கணக்கு விவரம். அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் எண்ணும் கிராண்டில் இருப்பவையும் ஒன்றாக இருக்க வேண்டும். "கார் அண்ணன் பெயரில் இருக்கிறது, அவர் சொல்லித்தான் நான் விற்கிறேன்" என்றால் அண்ணனிடமே பேசுங்கள். பெயர் மாற்றும் நாளில் பெருவிரல் ரேகை வைக்கப்போவது அவர்தான். கார் காலமான தந்தையின் பெயரில் இருந்தால், குடும்பத்தார் வாரிசுரிமை வேலையை முடித்து ஒருவர் பெயருக்கு மாற்றும்வரை ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்க வேண்டாம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அந்த வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். இடையில் உறவினர் ஒருவர் மறுத்தாலே எல்லாம் நின்றுபோகும்.

"முன்பணம் அனுப்பினால்தான் காரை வைத்திருப்பேன், இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள்" என்று சொல்பவருக்கு, நேரில் பார்க்காமல் எதையும் அனுப்பக்கூடாது. அவர் தரும் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் Semak Mule தளத்தில் இட்டுப் பாருங்கள். அங்கே புகார் எதுவும் இல்லை என்பதால் அவர் யோக்கியர் என்று முடிவாகிவிடாது. புகார் இருந்தால் அந்தக் காரை மறந்துவிடுங்கள்.

இன்னொரு வகை விளம்பரம் இருக்கிறது: "சம்போங் பாயார்." கார் விற்பவர் பெயரிலேயே இருக்கும், கடனும் அவர் பெயரிலேயே இருக்கும், நீங்கள் கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாதத் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும். கட்ட வசதியில்லாத நம் பிள்ளைகள் பலர் இதில்தான் விழுகிறார்கள். தவணை முடியும்வரை கார் மீது வங்கிக்குத்தான் உரிமை. வங்கியின் சம்மதமில்லாமல் காரைக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி குற்றம். அதைவிட மோசமானது இது: நீங்கள் ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பிறகு, விற்றவர் காரைத் தம்முடையது என்று சொன்னால் பதிவுகள் அவர் பக்கமே நிற்கும். விபத்து நடந்தால் காப்புறுதியும் உங்கள் பெயரில் இருக்காது. இந்த வழியை எந்த நிலையிலும் பரிந்துரைக்கமாட்டேன்.

காரைப் பார்க்கும் நாள்

பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில் பாருங்கள். காரை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை முதல்முறை முடுக்கும்போது வரும் சத்தமும் புகையும்தான் உண்மையைச் சொல்லும். தெரிந்த மெக்கானிக் ஒருவர் அந்தப் பக்கத்தில் இருந்தால் அவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். இல்லையென்றால், விற்பவர் சொல்லும் பட்டறையை விட்டு நீங்கள் தேடிய பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய்த் தூக்கிப் பாருங்கள்.

எஞ்சினைப் பற்றி மெக்கானிக் பார்த்துக்கொள்வார். வெளியூர்க்காரர் தாமாகவே பார்க்க வேண்டியது வெள்ளம். ஏனென்றால் எந்த இடத்தில் தண்ணீர் ஏறும் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் பகுதிகளில் ஏறிய தண்ணீரில் ஏராளமான கார்கள் மூழ்கின. பினாங்கிலும் 2017 நவம்பரில் பெரும் வெள்ளம் வந்தது. மூழ்கிய காரைச் சுத்தம் செய்து வேறு மாநிலத்தில் விற்பது எளிது. எனவே, இந்தக் கார் 2021 டிசம்பரில் எங்கே நின்றது என்று நேரடியாகக் கேளுங்கள்.

பதில் எதுவானாலும் சோதித்துப் பாருங்கள். நான்கு இருக்கைப் பட்டைகளையும் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் பழுப்புக் கறை கோடாக நிற்கும். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்திலும் அதன் திருகுகளிலும் துரு இருக்கிறதா என்று கைவிளக்கு வைத்துப் பாருங்கள். அந்த இடம் சாதாரணமாக நனையாத இடம். மேற்பாய்களை அல்ல, தரையோடு ஒட்டியிருக்கும் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைத் தொடுங்கள். பின்புறம் மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் பெட்டியின் மூலைகளில் மெல்லிய மண் தூள் இருந்தால் அதற்கு வேறு விளக்கம் கிடையாது. காரில் வாசனைத் திரவம் அளவுக்கு மீறி மணந்தாலும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏர்கண்டிஷனை அணைத்து ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈர வாடை மேலே வரும். வெள்ளத்தில் மூழ்கிய கார் அன்றைக்கு நன்றாகவே ஓடும். சில மாதங்கள் கழித்து மின் இணைப்புகள் ஒவ்வொன்றாக அரித்துப்போகத் தொடங்கும். அந்தச் செலவுக்கு அளவே இல்லை.

அடுத்தது எண்கள். கிராண்டில் இருக்கும் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காரில் பொறித்திருப்பவற்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ புதிய பெயின்டோ இருந்தால் அங்கேயே விடைபெற்றுக்கொள்ளுங்கள். துரு ஏறி எண் மங்கியிருந்தால் அது குற்றமில்லை. ஆனாலும் சோதனை நிலையத்தில் அதற்காகவே திருப்பி அனுப்பக்கூடும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்து ஜேபிஜேயில் பதிவு செய்யப்படாமல் இருந்தால், அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பெயர் மாற்ற முடியும். அது விற்பவரின் வேலை. உங்கள் வேலையாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஓடிய தூரத்தை மீட்டர் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது. சர்வீஸ் புத்தகத்தில் தேதிகளும் தூரமும் ஏறுவரிசையில் இருக்கின்றனவா, ஸ்டியரிங், பிரேக் மிதி, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் அந்தத் தூரத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையத்தில் பராமரித்த கார் என்றால், விற்பவரையே அந்த மையத்தில் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கச் சொல்லலாம். உரிமையாளர் கேட்டால் கொடுப்பார்கள்.

பணமும் வங்கியும்

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்போம். பட்டர்வொர்த்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஓர் இளைஞர், செராசில் இருக்கும் ஒருவரின் 2016ஆம் ஆண்டு பெரோடுவா மைவி 1.3 காரை 24,000 ரிங்கிட்டுக்குப் பேசி முடிக்கிறார் என்று வையுங்கள். விற்பவருக்கு வங்கியில் 7,800 ரிங்கிட் கடன் மீதம் இருக்கிறது. அதாவது கிராண்டில் வங்கியின் உரிமைக் கோரிக்கை இருக்கிறது. அது நீங்கும்வரை ஜேபிஜே பெயர் மாற்றாது.

முதலில் எழுத்துப்பூர்வமான உடன்பாடு. ஒரு பக்கம் போதும். இருவர் பெயர், அடையாள அட்டை எண், காரின் எண், எஞ்சின், சேசிஸ் எண்கள், மொத்த விலை, எந்தப் பணம் எப்போது யாருக்குச் செலுத்தப்படும், வங்கி விடுவிப்புக்கும் பெயர் மாற்றத்துக்கும் கடைசித் தேதி, சோதனையில் கார் தவறினால் முன்பணம் திரும்பும் என்ற வரி, சம்மன்கள் யார் பொறுப்பு என்ற வரி. சோதனைக் கட்டணத்தையும் பெயர் மாற்றக் கட்டணத்தையும் யார் கொடுப்பது என்பதையும் இதிலேயே எழுதிவிடுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் கடைசி நாளில் முகம் கோணுவது இந்த இரண்டுக்குத்தான். நம் இளைஞர் 500 ரிங்கிட் முன்பணம் தருகிறார். இரண்டு பிரதியிலும் இருவரும் கையெழுத்திடுகிறார்கள்.

கடனை அடைப்பதற்கு முன் காரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கு பி5 எனப்படும் சோதனை தேவை. 2024 வரை புஸ்பாகோம் மட்டுமே அதைச் செய்துவந்தது. இப்போது வேறு நிறுவனங்களுக்கும் உரிமம் தரப்பட்டிருக்கிறது. முன்பதிவு இணையத்தில் செய்துகொள்ளலாம். கட்டணம் 30 ரிங்கிட் அளவில் இருக்கும். வங்கிக் கடனில் வாங்குபவர்களுக்கு பி7 என்னும் இன்னொரு சோதனையும் தேவைப்படும். ரொக்கத்துக்கு வாங்கும் நம் இளைஞருக்கு அது வேண்டாம். பி5 சோதனையில் முதலில் பார்ப்பது அந்த எஞ்சின், சேசிஸ் எண்களைத்தான். உங்களுடைய 7,800 ரிங்கிட் வங்கிக்குப் போன பிறகு எண்ணில் சிக்கல் தெரிந்தால், கடன் இல்லாத கார் விற்பவர் கையிலும், பெயர் மாற்ற முடியாத நிலை உங்கள் கையிலும் இருக்கும். சோதனை அறிக்கைக்குச் செல்லுபடிக் காலம் உண்டு. ஆனால் வங்கி வேலை முடியும்வரை அது தாங்கும். எனவே சோதனைதான் முன்னால் வர வேண்டும்.

பி5இல் கார் தவறுவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்களே இருக்கும். கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாள் முக்கியமானது: முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடும், முன் பக்கக் கதவுக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பின்புறக் கண்ணாடிகளுக்கு 2019 முதல் இந்த வரம்பு தளர்த்தப்பட்டிருக்கிறது. கோணல்மாணலான எழுத்துருவில் எண் பலகை, தன்னிச்சையாக மாற்றிய முன்விளக்கு, சத்தம் போடும் புகைபோக்கி ஆகியவையும் தடையாகும். காரை அனுப்புவதற்கு முன்பே இவற்றைச் சரிசெய்துவிடச் சொல்லுங்கள். விற்பவர் செராசில் இருப்பதால் சோதனைக்கு அவரே கொண்டுபோவது வசதி. அறிக்கையின் படத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சோதனை தேறிய பிறகு கடன். விற்பவர் தம் வங்கியிடம் முழுமையாக அடைப்பதற்கான தொகை விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தாளில் தொகையும் அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் இருக்கும். தேதி கடந்தால் தொகை மாறும். நம் இளைஞர் அந்த 7,800 ரிங்கிட்டை விற்பவரின் சேமிப்புக் கணக்கில் போடாமல், தாளில் உள்ள கார்க் கடன் கணக்கு எண்ணுக்கே நேரடியாகச் செலுத்துகிறார். இருவரும் சேர்ந்து வங்கி முகப்புக்குப் போய்க் கட்டுவது இன்னும் நல்லது. ரசீது உங்களிடம் இருக்கட்டும். விற்பவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய கணக்கில் விழும் பணம் வேறு எதற்காவது பிடிக்கப்பட்டாலும் உங்கள் கார் பூட்டப்பட்டது போலத்தான்.

பணம் சேர்ந்த பின் வங்கி விடுவிப்புக் கடிதம் தரும். ஜேபிஜேயின் கணினிப் பதிவிலிருந்தும் தன் உரிமைக் கோரிக்கையை நீக்கும். இதற்குச் சில வேலை நாட்கள் ஆகும். கடிதம் கையில் வந்துவிட்டதே என்று கிளம்பிவிடாதீர்கள். கணினியில் நீங்கியிருக்கிறதா என்பதே ஜேபிஜேக்கு முக்கியம். விற்பவரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு ரயில் டிக்கெட் எடுங்கள். இந்த இடைவெளியில் உங்கள் 8,300 ரிங்கிட் வெளியே இருக்கிறது. இது இந்த வழியில் தவிர்க்க முடியாத ஆபத்து. உடன்பாட்டுக் கடிதமும் வங்கி ரசீதும் அதற்குக் காவல். அதோடு, காரின் மாற்றுச் சாவியை இந்த நாளிலேயே வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வங்கிக் கடனில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வங்கி விற்பவரின் வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்பி, மீதியை விற்பவருக்குத் தரும் ஏற்பாடு இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் தனி ஆளுக்கும் தனி ஆளுக்கும் இடையிலான விற்பனைக்குக் கடன் தர எல்லா வங்கியும் முன்வருவதில்லை. அப்போது கார் விற்பனையாளர் ஒருவரை இடையில் வைத்து வேலையை முடித்துத் தரச் சொல்வார்கள். அவர் கேட்கும் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டே சம்மதியுங்கள்.

காப்புறுதி, சம்மன்

பெயர் மாற்றும் நாளுக்கு முன்பாக உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். விற்பவரின் காப்புறுதி காரோடு உங்களுக்கு வராது. அவர் அதை ரத்து செய்து மீதியைத் திரும்பப் பெறுவார். புதிய காப்புறுதியின் விவரம் கணினி வழியாக ஜேபிஜேக்குப் போய்ச் சேரும். முகவரிடம் காரின் எண், சேசிஸ் எண், உங்கள் அடையாள அட்டை எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஒரு இலக்கம் தவறினாலும் ஜேபிஜே முகப்பில் வேலை நின்றுவிடும். தொடங்கும் தேதி நீங்கள் காரை ஓட்டிவரும் நாளாகவோ அதற்கு முந்தியதாகவோ இருக்கட்டும்.

காப்புறுதித் தொகை புதிதாகக் கார் வாங்குபவருக்குக் கொஞ்சம் அதிர்ச்சி தரும். உரிமை கோராமைக்கான கழிவு ஆளுக்குச் சேருவது, காருக்கு அல்ல. விற்பவர் பல ஆண்டுகள் ஓட்டி 55 விழுக்காடு கழிவு பெற்றிருந்தாலும், முதல் காரை வாங்கும் உங்களுக்கு அது சுழியத்திலிருந்து தொடங்கும். முதல் ஆண்டு முடிந்தால் 25 விழுக்காடு. உங்களிடம் முன்பு கார் இருந்து அதை விற்றுவிட்டால், அந்தக் கழிவை இந்தக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். எனவே விலை பேசும்போதே காப்புறுதித் தொகையைக் கேட்டுக்கொண்டு கணக்கில் சேருங்கள். வெள்ளத்துக்கான பாதுகாப்பு வழக்கமான காப்புறுதியில் தானாக வராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பினாங்கில் தாழ்வான இடத்தில் குடியிருப்பவர் இதை விடக்கூடாது. இழுவை வண்டி எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதையும் கேளுங்கள். திரும்பும் வழியில் தாப்பாவில் நின்றுபோனால் அதுதான் உதவும்.

சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. 1.3 மைவிக்குத் தீபகற்பத்தில் ஆண்டுக்கு 70 ரிங்கிட், 1.5 என்றால் 90. தொகை சிறியது; ஆனால் காலாவதியாகி இருந்தால் ஓட்டிவர முடியாது, தேதியைப் பாருங்கள். 2023 பிப்ரவரி முதல் மலேசியர்கள் கண்ணாடியில் வட்டச் சீட்டை ஒட்ட வேண்டிய கட்டாயமில்லை. MyJPJ செயலியிலேயே காட்டலாம்.

சம்மன்களை விற்பவரின் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். ஜேபிஜே சம்மன்கள் MyJPJ செயலியில் தெரியும். காவல்துறை சம்மன்கள் MyBayar PDRM தளத்தில் தெரியும். உரிமையாளரோ காரோ கறுப்புப் பட்டியலில் இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது. இது அவருக்கும் நல்லது. பெயர் மாறாமல் காரைக் கொடுத்துவிட்டால் நீங்கள் போகும் வேகத்துக்கு அவர் பெயரில்தான் சம்மன் வரும்.

பெயர் மாற்றும் நாள்

தனி ஆளிடமிருந்து தனி ஆளுக்கு மாற்றும் வேலையை இப்போது MyJPJ செயலி வழியாகவும் செய்ய முடியும். ஆனாலும் கார் வெளியூரில் இருக்கும்போது இருவரும் ஒரே ஜேபிஜே அலுவலகத்துக்குப் போவதையே நான் சொல்வேன். செயலி பெயரைத்தான் மாற்றும்; உங்களுக்கும் விற்பவருக்கும் இடையில் பணம் எப்போது கைமாறுவது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. இருவரும் ஒரே முகப்பில் நிற்கும்போது அந்தக் கேள்வி எழாது.

கோலாலம்பூரில் வங்சா மாஜு, சிலாங்கூரில் பாடாங் ஜாவா போன்ற அலுவலகங்கள் இந்த வேலைக்குப் பழகியவை. வேலை நாளில் காலையில் போங்கள். சனி, ஞாயிறு கோலாலம்பூரிலும் பினாங்கிலும் விடுமுறை. ஒருவேளை உங்கள் கார் சுங்கை பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ கிடைத்தால், கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள் என்பதை நினைவில் வையுங்கள். வார இறுதி மட்டுமே ஓய்வு கிடைக்கும் ஒருவருக்கு அது பெரிய வசதி.

கையில் இருக்க வேண்டியவை: இருவரின் அசல் அடையாள அட்டை, கிராண்ட், பி5 அறிக்கை, வங்கி விடுவிப்புக் கடிதம், காப்புறுதிச் சான்று. முகப்பில் விற்பவர் பெருவிரல் ரேகை வைப்பார், பிறகு நீங்கள். பெயர் மாற்றக் கட்டணம் காருக்கு 100 ரிங்கிட். கைவேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்கு இயந்திரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியென்றால் அதிகாரியிடம் உடனே சொல்லுங்கள், வேறு விதத்தில் உறுதிப்படுத்துவார்கள். மலேசியக் குடியுரிமை இல்லாத நண்பர்கள் கடப்பிதழோடும் செல்லுபடியாகும் வேலை அனுமதியோடும் முகப்புக்கே வர வேண்டும்.

மீதிப் பணத்துக்கு வருவோம். 24,000இல் 500ஐயும் 7,800ஐயும் கழித்தால் 15,700 ரிங்கிட். இதை எப்போது கொடுப்பது? உங்கள் பெயர் பதிவில் ஏறியது என்று முகப்பில் சொல்லித் தாள் கைக்கு வந்ததும், அந்த இடத்திலேயே, விற்பவர் பார்க்க, இணையம் வழியாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் கொடுக்கக்கூடாது. அதற்குப் பின்னால் தாமதிக்கவும் கூடாது, ஏனென்றால் அவர் பக்கம் இருக்கும் பயமும் நியாயமானதே. இதற்காக முதல் நாளே உங்கள் வங்கியின் நாளொன்றுக்கான அனுப்பும் வரம்பைப் பாருங்கள். வரம்பு 10,000 என்று இருந்தால் உயர்த்த வேண்டும். சில வங்கிகளில் உயர்த்திய வரம்பு உடனே நடைமுறைக்கு வராது. ஜேபிஜே வாசலில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடித்தால் இருவருக்கும் நெஞ்சு படபடக்கும். விற்பவர் முன்பணம் இன்னும் கூடுதலாகக் கேட்டால், வங்கிக் காசோலை எடுத்துக் காட்டிவிட்டுப் பெயர் மாறிய பிறகு கொடுக்கும் ஏற்பாட்டைச் சொல்லுங்கள், பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள்.

அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் உங்கள் MyJPJ செயலியைத் திறந்து, கார் உங்கள் பெயரில் தெரிகிறதா, எண்கள் சரியா என்று பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்வது எளிது. பினாங்கிலிருந்து அதற்காகத் திரும்பி வருவது பெரும் சிரமம்.

காரோடு வடக்கே

விற்பவரிடம் இரண்டு சாவிகளும், சர்வீஸ் புத்தகமும், சக்கரத் திருகைக் கழற்றும் சாவியும் வாங்குங்கள். அதோடு முன் கண்ணாடியிலோ விளக்கிலோ டச் அண்ட் கோ ஆர்எஃப்ஐடி ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது அவருடைய பணப்பையோடு இணைந்தது. அதை அவர் தம் கணக்கிலிருந்து நீக்காவிட்டால், நீங்கள் கடக்கும் ஒவ்வொரு சாவடிக்கும் அவர் காசு கழியும். சில நாட்களில் அவர் உங்களை அழைத்துக் கேட்பார். அந்த அழைப்பு இருவருக்கும் வேண்டாத ஒன்று. அவர் நீக்கிய பிறகு ஒட்டியைக் கிழித்துவிட்டு, வரும் வழிக்கு அட்டையைப் பயன்படுத்துங்கள். உங்கள் பெயரில் புதியதைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

புறப்படுமுன் டயர்க் காற்றையும் குளிர்விப்பான் நீரையும் பாருங்கள். நெடுஞ்சாலையில் முதல் ஓய்விடத்திலேயே நிறுத்தி, காருக்கு அடியில் எண்ணெய் ஏதும் சொட்டுகிறதா, வெப்பமானி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நீண்ட ஓட்டத்தில் மட்டுமே தெரியும் குறைகள் இருக்கின்றன. அவை பிடோரில் தெரிந்தால் கையாளலாம், சாங்காட் ஜெரிங் தாண்டி இருட்டில் தெரிந்தால் கடினம். பினாங்கு வந்த வாரத்திலேயே எஞ்சின் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிவிடுங்கள், முந்தைய எண்ணெய் எப்போது ஊற்றப்பட்டது என்று விற்பவர் சொன்னாலும் சரி.

புதிய முகவரியை அடையாள அட்டையிலும் ஜேபிஜே பதிவிலும் மாற்றுவதையும் அதே வாரத்தில் முடிப்பது நல்லது. கேமரா பிடிக்கும் சம்மன்கள் பதிவிலிருக்கும் முகவரிக்குத்தான் போகும். பழைய வாடகை வீட்டுக்குப் போய்க் கவனிப்பாரற்றுக் கிடந்தால், அடுத்த ஆண்டு சாலை வரி புதுப்பிக்கும்போதுதான் அவை உங்கள் கண்ணில் படும்.